முறை வகுத்தல்

முறை என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. வாய்க்கால் நீரை ஒருவர் பின் ஒருவராக வயலுக்குப் பாய்ச்சிக்கொள்வதும் முறை. அரசன் வழங்கும் நீதியும் முறை. அத்தை என்றும் மாமன் என்றும் அழைத்துக்கொள்ளும் உறவும் முறை. ஒருவர் பின் ஒருவர் என்று வரிசை வகுத்துவிட்டால் நீதியும் அதனோடு தானே வந்துவிடும் என்று நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையானது என்பதைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஒரு சிறு குழுவில் கற்றுக்கொண்டேன். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு மாணவன் திருக்குறள் ஒன்றைப் பொருளோடு சொல்லுவான். மற்றொருவன் அன்றைய செய்திகளைப் படிப்பான். அச்செய்திகளையே வாயிலருகில் உள்ள கரும்பலகையிலும் எழுதி வைக்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை வகுப்புகள் ஐந்து. திங்கள் முதல் வெள்ளி வரை நாள்களும் ஐந்து. வகுப்புக்கு ஒரு நாள் என்று பிரித்துக் கொடுத்தேன். இதைவிட எளிய ஏற்பாடு ஏது? ஆனால் திங்கட்கிழமை படிக்கும் வகுப்பு சனி, ஞாயிறு ஆகிய இரண்டு நாள் செய்திகளையும் சேர்த்துத் திரட்ட வேண்டியிருந்தது. அந்த வகுப்பு ஆண்டு முழுவதும் அதே திங்கட்கிழமையைச் சுமந்தது. பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. தலைமையாசிரியரிடம் யார் போய்ச் சொல்வார்கள்? நானும் கவனிக்கவில்லை.

இனி, குழுவைப் பற்றிச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பதினான்கு பேர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு அமைத்தோம். காலை வணக்கப் படங்களும், யாரோ அனுப்பிய வதந்திகளும் குவியும் இடமாக அது ஆகிவிடக் கூடாது என்பது எங்கள் முதல் கவலை. ஆகவே நாளுக்கு ஒரு குறள், அதற்குத் தம் சொந்த நடையில் ஒரு விளக்கம், காலை ஆறு மணிக்குள் ஒருவர் இட வேண்டும். மற்றவர்கள் அன்று முழுவதும் அதைப் பற்றிப் பேசலாம் என்று தீர்மானித்தோம். ஓர் அதிகாரத்தின் முதற்குறள் யாருக்கு வருகிறதோ அவர் அந்த அதிகாரம் முழுமைக்கும் ஒரு முன்னுரையும் எழுத வேண்டும் என்பது இன்னொரு விதி. முன்னுரை என்பது எளிய வேலை அன்று. பத்துக் குறளையும் முன்கூட்டியே படித்து, பரிமேலழகர் உரையை ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்து, அதிகாரம் நின்ற இடத்தின் பொருத்தத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு மாலைப் பொழுதுகள் அதற்கே போய்விடும்.

வரிசை வகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பணிமூப்பின்படி பதினான்கு பெயர்களை எழுதினேன். குறள்கள் 1330, அதைப் பதினான்கால் வகுத்தால் ஆளுக்கு 95, மீதி இல்லை. கணக்கு இத்தனை அழகாக முடிந்ததைக் கண்டு எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைப்பானேன்? ஒருவருக்கு ஒரு குறள்கூட ஏறவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு திங்கட்கிழமையன்று முதற்குறளோடு தொடங்கினோம்.

ஆண்டொன்று கடந்தது. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களும் முடிந்து, பொருட்பாலில் புகுந்து, 42-ஆம் அதிகாரமாகிய கேள்வியை முடிக்கும் தறுவாயில் இருந்தோம். அப்போது வரிசையில் ஏழாமவரான அம்மையார் ஒருவர் என்னைத் தனியே அழைத்துப் பேசினார். நெடுங்காலம் தமிழாசிரியையாக இருந்தவர், கிறித்தவர். "சார், தப்பாக நினைக்கக் கூடாது. நான் இனிமேல் வாசகராக மட்டும் இருந்துகொள்கிறேன். என் பெயரை வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள்" என்றார். உடல்நலம் இல்லையோ என்று கேட்டேன். "அதெல்லாம் ஒன்றுமில்லை. என் முறை எப்போதும் ஞாயிற்றுக்கிழமையிலேயே வருகிறது. விடியற்கால ஆராதனைக்கு நான் போக வேண்டும். அதற்குமுன் எழுந்து எழுதிப் போட்டுவிட்டுத்தான் இதுவரை போய்க்கொண்டிருந்தேன். முன்னுரையும் எனக்கே அடிக்கடி வருவதுபோல் இருக்கிறது. மற்றவர்களுக்கும் அப்படித்தானோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை" என்றார்.

தற்செயலாக அமைந்திருக்கும் என்று நான் ஆறுதல் சொன்னேன். சொல்லிவிட்டு, மனம் கேளாமல், நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது தற்செயல் அன்று. பதினான்கு நாள் என்பது சரியாக இரண்டு வாரம். ஆகவே பதினான்கு பேர் கொண்ட வரிசையில் ஒருவருக்கு முதல்முறை எந்தக் கிழமை வாய்த்ததோ, ஆயுள் முழுவதும் அதே கிழமைதான் வாய்க்கும். ஏழாமவருக்கும் பதினான்காமவருக்கும் என்றென்றும் ஞாயிறு. அந்த அம்மையார் அதுவரை எழுதிய முப்பது குறள்களும் முப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதியவை.

முன்னுரைக் கணக்கு இதனினும் கொடியது. அதிகாரத்தின் முதற்குறள் 1, 11, 21, 31 என்று எப்போதும் ஒற்றைப்படை எண்ணிலேயே வரும். பதினான்கு இரட்டைப்படை எண் ஆகையால், வரிசையில் ஒற்றைப்படை இடத்தில் இருப்பவர்களுக்கு ஒற்றைப்படைக் குறள்களே திரும்பத் திரும்ப வரும். இரட்டைப்படை இடத்தவர்களுக்கு இரட்டைப்படைக் குறள்களே வரும். ஆகவே 133 முன்னுரைகளையும் ஏழு பேரே எழுத வேண்டும்; மற்ற ஏழு பேர் நூல் முடியும் வரை ஒன்றுகூட எழுத வேண்டியதில்லை. அந்த அம்மையார் ஏழாம் இடம். நீத்தார் பெருமை, இனியவை கூறல், அழுக்காறாமை, புகழ், வெகுளாமை, ஊழ் என ஆறு முன்னுரைகளை எழுதி முடித்திருந்தார். வரிசையில் இரண்டாம் இடத்திலிருந்த நான் எழுதியது எத்தனை? ஒன்றுமில்லை. எனக்கு முன்னுரை வரவில்லையே என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதும் இல்லை. சுமை வராதவனுக்குச் சுமை வராதது தெரிவதில்லை.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். எண்ணிக்கையில் ஒரு குறையும் இல்லை. ஆளுக்கு முப்பது குறள் என்று யாரும் சான்று காட்டலாம். எண்ணிக்கை மட்டும் எழுதிய என் குறிப்பேட்டில் அந்தக் குற்றம் தெரியவே வழி இல்லை. பெயருக்கு நேரே கிழமை என்று ஒரு கட்டமும், முன்னுரை என்று ஒரு கட்டமும் வரைந்திருந்தால் இரண்டு மாதத்திற்குள் அது பளிச்சென்று கண்ணில் பட்டிருக்கும்.

செய்தியைக் குழுவில் வெளியிட்டு, எல்லோரையும் கலந்துகொண்டேன். ஒருவர், "அந்த அம்மாவுக்கு மட்டும் கிழமையை மாற்றிக் கொடுத்துவிட்டால் போகிறது" என்றார். அது இரக்கமேயன்றித் தீர்வாகாது. அவர் விட்ட ஞாயிறு இன்னொருவர் தலையில் நிரந்தரமாக ஏறும். மற்றொருவர், குழுவில் புதிதாக ஒருவரைச் சேர்த்துப் பதினைந்தாக்கிவிடலாம், பதினைந்து வாரக்கணக்கில் அடங்காது, கிழமை தானே நகரும் என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. எங்களுள் கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார்; அவர் ஒரு காகிதத்தில் எண்களை எழுதிப் படமெடுத்து அனுப்பினார். பதினைந்து பேரானால் கிழமை நகரும் என்பது உண்மை. ஆனால் பத்துப் பத்தாக வரும் முதற்குறள்கள் வரிசையின் ஒன்றாம் இடம், பதினொன்றாம் இடம், ஆறாம் இடம் ஆகிய மூன்றில் மட்டுமே மாறி மாறி விழும். ஏழு பேர் சுமந்ததை மூன்று பேர் சுமக்க நேரும். ஒரு நோயைத் தீர்க்கப் போய் இன்னொன்றை வளர்த்திருப்போம்.

"பதின்மூன்றாக்குங்கள் சார்" என்றார் அவர். வாரத்துக்கு ஏழு, அதிகாரத்துக்குப் பத்து ஆகிய இவ்விரண்டு எண்களோடும் பொதுவான வகுஎண் இல்லாத எண்ணாக வரிசையின் நீளம் இருக்க வேண்டும் என்பது அவருடைய விதி. பதின்மூன்று நாள் என்பது இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் குறைவு. ஆகவே ஒருவருக்கு இம்முறை ஞாயிறு வந்தால் அடுத்த முறை சனி, அதற்கடுத்து வெள்ளி என்று ஒவ்வொரு கிழமையாகப் பின்னோக்கி நகர்ந்து, 91 நாளில் ஏழு கிழமையையும் ஒருமுறை தொட்டுவிடும். அவ்வாறே இம்முறை அதிகாரத்தின் முதற்குறள் வந்தால், அடுத்த முறை நான்காவது, பிறகு ஏழாவது, பத்தாவது, மூன்றாவது என்று மாறி, 130 நாளுக்கு ஒருமுறைதான் முன்னுரை வரும். பதினொன்று பேர் உள்ள குழுவுக்கும் இது பொருந்தும், ஒன்பதுக்கும் பொருந்தும். ஏழு, பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினைந்து ஆகியவை ஏதேனும் ஒரு வகையில் இடறும். குறளுக்குப் பதிலாகச் செய்தி இடும் குழுவானால் அதிகாரக் கணக்கு வேண்டாம். ஏழின் மடங்காக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பதினான்கு பேரில் ஒருவரை விலக்குவது எப்படி? விலக்கத் தேவையில்லை என்பதை இன்னொரு குறை காட்டிக்கொடுத்தது. அதுவரை யாராவது வரத் தவறினால், 'யார் போடுகிறீர்கள்?' என்று நான் குழுவில் கேட்பேன். கேட்டு முடிக்கும் முன்பே ஒரே நண்பர் இட்டுவிடுவார். அதிகாலையில் எழும் பழக்கமுள்ளவர், மறுக்கத் தெரியாதவர். சில நாள் அவரும் இட, மறந்தவரும் நினைவு வந்து அவசரமாக இட, ஒரே நாளில் இரண்டு விளக்கம் வந்து, எதைப் பற்றிப் பேசுவது என்று தெரியாமல் போகும். ஆகவே பதினான்காமவரை 'மாற்றாள்' ஆக்கினோம். வரிசையில் பதின்மூன்று பேர். அவர்களில் ஒருவர் தவறும் நாளில் எழுதுவது மாற்றாளின் பொறுப்பு. வர இயலாதவர் முந்திய இரவு ஒன்பது மணிக்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லாமலே ஆறு மணி கடந்துவிட்டால் ஏழு மணிக்குள் மாற்றாள் இடுவார். அதன் பிறகு உரியவருக்கு நினைவு வந்தாலும் அன்றைய குறள் அவருடையது அன்று.

மாற்றாள் பதவியும் சுற்றிவர வேண்டும் அன்றோ? எஞ்சியவை 910 குறள்கள். கணித ஆசிரியர் 65 நாளுக்கு ஒரு மாற்றாள் என்று வகுத்தார். 65 நாளில் வரிசை ஐந்து சுற்று வரும். 65 நாள் கொண்ட பருவங்கள் பதினான்கு ஆனால் 910 நாள். ஒவ்வொருவரும் ஒரு பருவம் மாற்றாளாக இருந்து, மீதிப் பதின்மூன்று பருவங்களில் 65 குறள் எழுதுவார்கள். முன்பு எழுதிய முப்பதோடு சேர்த்தால் பழைய 95 திரும்பவும் கிடைத்துவிடுகிறது! பருவம் முடிந்ததும் பழைய மாற்றாள், புதிய மாற்றாள் விட்ட இடத்தில் அமர்வார். இந்த இடமாற்றத்தால் கிழமையிலும் முன்னுரையிலும் ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம். அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

யார் முதலில் மாற்றாள் என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்தோம். உத்திரமேரூர்க் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகளில் குடவோலை முறை விரிவாகச் சொல்லப்படுகிறது. முந்திய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரை மறுபடியும் குடத்தில் இடுதல் ஆகாது என்பது அதில் ஒரு நிபந்தனை. குலுக்கலில் வாய்ப்பு ஒருவர் பக்கமே சாயக்கூடும் என்பதை அந்தச் சபையார் அறிந்திருந்தார்கள். நாங்களும் ஒருமுறை எடுத்த சீட்டைப் பதினான்கும் தீரும் வரை திரும்பப் போடுவதில்லை. எங்கள் குடம் என்னவோ ஓர் எவர்சில்வர் சொம்புதான்.

இரண்டு விதிகளைப் பற்றி மட்டும் வாதம் நடந்தது. ஒன்று, முறையை மாற்றிக்கொள்வது. ஊருக்குப் போகிறவர் இன்னொருவரிடம், 'என் நாளை நீங்கள் பாருங்கள்' என்று சொல்வது இயல்பு. அது ஈகையாக இருக்கக் கூடாது, பண்டமாற்றாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். என் நாளை நீர் எடுத்தால் உம் நாளை நான் எடுப்பேன். எந்த நாளுக்கு எந்த நாள் என்பதை இருவரும் குழுவில் எழுதிவிட வேண்டும். நூலின் மூன்றாம் பாலை எண்ணி இதை வற்புறுத்தியவரும் உண்டு. 1081-ஆம் குறளிலிருந்து தொடங்கும் காமத்துப்பாலுக்குப் பெண்மணிகளும் உள்ள குழுவில் விளக்கம் எழுதக் கூசுகிறேன் என்று மூத்த நண்பர் ஒருவர் முன்கூட்டியே சொல்லிவைத்தார். 250 குறளையும் தமிழாசிரியர்கள் தலையில் கட்டிவிடும் திட்டம் அது என்று ஒருவர் கேலி செய்தார். நண்பர் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பாலுக்குள்ளேயே வேறொரு குறளைத்தான் பதிலுக்குப் பெறலாம் என்று முடிந்தது. கூச்சத்துக்கு இடம் கொடுத்தோம், தப்பித்தலுக்குக் கொடுக்கவில்லை.

மற்றொன்று நோய். மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தவர் திரும்பி வந்ததும், விட்ட முறைகளை ஈடு செய்ய வேண்டுமா? வேண்டும் என்றார் ஒருவர். கணக்கு கணக்குத்தான் என்பது அவர் கட்சி. நான் இதில் மட்டும் பிடிவாதமாக எதிர்த்தேன். உடல் தேறி வருகிறவருக்கு வாசலிலேயே கடன்பட்டியலை நீட்டினால் அவர் திரும்பி வரமாட்டார். தவறிய குறளை மாற்றாள் எழுதினார். அதற்காகத்தான் அவர் அந்தப் பருவத்தில் வரிசைச் சுமையின்றி இருந்தார். அவ்விடத்தில் கணக்கு தீர்ந்துவிட்டது. விவாதம் இரண்டு நாள் நடந்து, என் பக்கம் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். எதிர்த்தவர் இன்றும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனாலும் விதியை மதித்து நடக்கிறார்.

எல்லாம் எழுதி முடித்த பிறகு, அந்த அம்மையாரிடம் பேசினேன். வரிசையைக் காட்டி, எண்ணிக்கையை மட்டும் பார்த்தது என் தவறு என்பதையும் சொன்னேன். சொம்பிலிருந்து முதற்சீட்டுப் பன்னிரண்டாம் இடத்து நண்பருக்கு வந்திருந்தது. ஆகவே அம்மையாருடைய ஏழாம் இடம் மாறவில்லை. புதிய வரிசை 421-ஆம் குறளோடு, அறிவுடைமை அதிகாரத்தில், ஒரு திங்கட்கிழமை தொடங்குவதாக இருந்தது. அவருடைய நாளை எண்ணிப் பார்த்தவன் திகைத்துப் போனேன். திங்களிலிருந்து ஏழாம் நாள் ஞாயிறு! இத்தனை கணக்கும் போட்டு, முதற்சுற்றில் மறுபடியும் அவருக்கு ஞாயிறே வந்து நின்றது. என் நாள் செவ்வாய். அதை எடுத்துக்கொள்ளுங்கள், பண்டமாற்று விதிப்படியே செய்வோம் என்று கேட்டுக்கொண்டேன்.

அம்மையார் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வேண்டாம் சார், வரிசைப்படியே வரட்டும். அடுத்தது சனிக்கிழமை அல்லவா?" என்றார். அந்த ஞாயிறு காலை ஐந்து மணிக்கே 427-ஆம் குறள் விளக்கத்தோடு வந்துவிட்டது.